கேன்வாஸின் ஓரத்தில் மடிந்துபோன தோள்

சென்ற கோடையில் ஒரு பெண்மணி பழைய போர்வை ஒன்றில் சுற்றிய கேன்வாஸ் படத்தை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். சேலத்தில் மரச்சட்டம் செய்வதும் அதில் கேன்வாஸை இழுத்துக் கட்டுவதும்தான் என் வேலை. அவர் போர்வையை விலக்கினார். ஏற்காட்டில் லேடீஸ் சீட் அருகே மாலை வெயிலில் எடுத்த குடும்பப் படம் அது. ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் சேலத்துச் சமவெளி மங்கலாக விரிகிறது. அச்சு நன்றாக இருந்தது, வண்ணமும் குறையில்லை. ஆனால் இடது ஓரத்தில் நிற்கும் அவருடைய அப்பாவின் முகம் படத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. காது சரியாக மடிப்பின் மேல் இருந்தது. தோளும் கையும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. நேராக நின்று பார்த்தால் யாரோ அவரைக் கதவிடுக்கில் வைத்து நெருக்குவதுபோல் தெரிந்தது.

“அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குச் செய்த படம் அண்ணா. கைப்பேசியில் பார்த்தபோது எல்லோரும் முழுதாக இருந்தார்கள். அச்சிட்ட பிறகு அப்பாவின் தோள் எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

தோள் எங்கும் போகவில்லை, சட்டத்தின் பக்கவாட்டில்தான் இருக்கிறது. அதை அங்கே அனுப்பியது எது, அதற்குமுன் நாம் என்ன கணக்குப் பார்த்திருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன். முதன்முதலாகக் கேன்வாஸ் படம் செய்யப்போகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கண்ணாடி போட்ட படத்தையும் கேன்வாஸ் படத்தையும் ஒன்றாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கண்ணாடிச் சட்டத்தில் படம் தட்டையான தாள். அதன் ஓரத்தில் அரைக்கால் அங்குலமோ கால் அங்குலமோ சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். சுற்றிக்கட்டும் கேன்வாஸ் அப்படியல்ல. நான்கு மரக்கட்டைகளைச் சேர்த்து ஒரு சட்டம் செய்கிறோம். அச்சிட்ட துணியை அதன்மேல் விரித்து, நான்கு பக்கமும் இழுத்து மடித்து, பின்புறம் ஸ்டேப்ளர் பின் அடிக்கிறோம். வெளியே வேறு சட்டம் கிடையாது. ஆகவே கட்டையின் பக்கவாட்டையும் படமேதான் மூட வேண்டும். நேரே தெரியும் பரப்பை முகப்பு என்று வைத்துக்கொள்வோம். முகப்பிலிருந்து துணி திரும்பும் இடம் மடிப்புக்கோடு.

வீட்டில் ஓர் இனிப்புப் பெட்டியின் மூடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நான்கு புறமும் கொஞ்சம் பெரியதாக ஒரு செய்தித்தாள் பக்கத்தை வெட்டி, மூடியின் மேல் வைத்து, ஓரங்களைக் கீழே மடித்து உட்புறம் ஒட்டிப் பாருங்கள். மேலே தெரிவது முகப்பு. சுற்றிலும் இறங்கியிருப்பது பக்கவாட்டு. உள்ளே போய் ஒட்டிக்கொண்டது பின்மடிப்பு. செய்தித்தாளில் இருந்த எழுத்துகளில் எவை மேலே தங்கின, எவை பக்கத்தில் இறங்கின என்று ஒரு நிமிடம் பாருங்கள். மூலைகளையும் கவனியுங்கள். அங்கே தாள் இரண்டு திசையிலும் மடிந்து தன்னைத்தானே மூடிக்கொள்ளும். அந்த மூலைச் சதுரத்தில் இருந்தது எதுவும் வெளியே தெரியாது. படத்தின் மூலையில் தேதியோ ஸ்டூடியோ பெயரோ போட்டுக் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி அளவுக்கு வருவோம். கேன்வாஸ் சட்டக் கட்டைகள் பெரும்பாலும் இரண்டு ஆழத்தில் கிடைக்கின்றன. மெல்லியது முக்கால் அங்குலம், தடித்தது ஒன்றரை அங்குலம். சுவரிலிருந்து படம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் ஆழம். தடித்த கட்டை பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும், பெரிய படம் வளையாமலும் நிற்கும். பலரும் அதையே கேட்கிறார்கள். பக்கவாட்டை மூடிய பிறகும் படம் பின்புறம் அரை அங்குலமாவது திரும்பிப் போக வேண்டும். அது இல்லையென்றால் துணி கொஞ்சம் நகர்ந்தாலும் பக்கவாட்டின் கடைசியில் வெள்ளைக் கோடு தெரியும். அதற்கும் அப்பால், பின் அடிப்பதற்காக ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வெறுந்துணி வேண்டும். அதை அச்சிடும் இடத்திலேயே விட்டுவிடுவார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம். நீங்கள் படமாகக் கொடுக்க வேண்டியது இவ்வளவு:

```
படத்தின் அகலம் = முகப்பு அகலம் + 2 × (கட்டை ஆழம் + பின்மடிப்பு)
படத்தின் உயரம் = முகப்பு உயரம் + 2 × (கட்டை ஆழம் + பின்மடிப்பு)
```

அந்தப் பெண்மணி சொன்ன அளவு 24க்கு 16 அங்குலம். கட்டை ஒன்றரை அங்குலம், பின்மடிப்பு அரை அங்குலம். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 2 அங்குலம், எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சேர்த்து 4. ஆக அச்சிட வேண்டிய படம் 28க்கு 20 அங்குலம். 24க்கு 16 என்று சொல்லிப் படத்தைக் கொடுத்தாலும், உண்மையில் 28க்கு 20 அளவுக்குத்தான் படம் வேண்டியிருக்கிறது. இடையில் இருக்கும் நான்கு அங்குலத்தை யாராவது ஓரிடத்திலிருந்து எடுத்தாக வேண்டும். அது உங்கள் படத்தின் ஓரத்திலிருந்துதான் போகும்.

அவர் பென்டிரைவில் மூலப்படத்தையும் கொண்டுவந்திருந்தார். 6000க்கு 4000 பிக்சல். கணினியில் திறந்து இருவருமாகக் கணக்குப் போட்டோம். முதல் இழப்பு வடிவத்தால் வருகிறது. கேமரா படம் 3க்கு 2 என்ற விகிதத்தில் இருக்கிறது. 28க்கு 20 என்பது 7க்கு 5. முந்தையதைவிட இது சற்றுக் குட்டையான அகலம். 4000 பிக்சல் உயரத்தை 20 அங்குலத்தில் வைத்தால் ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல் வருகிறது. 28 அங்குல அகலத்துக்கு 5600 பிக்சல் போதும். மீதி 400 பிக்சல் வெட்டுப்படும். முதல் தடவை அச்சிட்டவர்கள் இடமும் வலமும் 200 பிக்சல் சமமாக வெட்டியிருந்தார்கள். வெட்டுவதற்கு முன் அவர்கள் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த இழப்பு மடிப்பால் வருகிறது. மிஞ்சிய படத்தில் நான்கு பக்கமும் 2 அங்குலம், அதாவது 400 பிக்சல், முகப்பைவிட்டு வெளியே போகிறது. ஆக இடது ஓரத்தில் 200 வெட்டுப்பட்டது, 400 மடிந்தது. மூலப்படத்தின் இடது ஓரத்திலிருந்து 600ஆவது பிக்சலில் மடிப்புக்கோடு விழுகிறது. அப்பாவின் தோள் 350ஆவது பிக்சலில் தொடங்குகிறது. காது 620இல் இருக்கிறது. காதுக்கும் மடிப்புக்கும் இடையே 20 பிக்சல், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. துணியை இழுத்துக் கட்டும்போது அரைக்கால் அங்குலம் அப்படியும் இப்படியும் போவது சகஜம். கை தேர்ந்தவர் கட்டினாலும் துணி தன் போக்கில் சற்று நகரும். ஆகவே அந்தக் காது மடிப்பின் மேல் ஏறியதில் வியப்பில்லை. 6000க்கு 4000 படத்தில் முகப்பில் தங்கியது 4800க்கு 3200 மட்டுமே. பரப்பளவில் இது நூற்றுக்கு 64. எடுத்த படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேரே பார்க்கிறவர் கண்ணில் படவே இல்லை.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. எந்த ஸ்டூடியோவிலும் 6க்கு 4 அங்குலப் பிரிண்ட் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் ஓரம் வெட்டாமல் முழுப்படத்தையும் போட்டு வாங்குங்கள். ஓர் அளவுகோலும் பென்சிலும் போதும். மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒரு கோடு. இடமும் வலமும் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒரு கோடு. கேமராவில் எடுத்த படத்தை 24க்கு 16 அளவில், ஒன்றரை அங்குலக் கட்டையில், நடுவிலிருந்து எடுத்துக் கட்டினால், அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் முகப்பு. கோட்டுக்கு வெளியே யாருடைய முகமோ கையோ வருகிறதா என்று பார்த்தால் போதும். அந்தப் பெண்மணிக்கும் இப்படித்தான் காட்டினேன். பென்சில் கோடு அப்பாவின் காதை ஒட்டிப் போனது. அவர் கொஞ்ச நேரம் அந்தச் சிறிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை முன்பே யாராவது போட்டுக் காட்டியிருக்கலாமே” என்றார். அவர் சொன்னது நியாயம். ஐந்து நிமிட வேலை இது. கேன்வாஸ் செய்து கொடுக்கும் எவரும் இதைச் செய்துகாட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சிறிய படங்களைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். “சின்னதாக 12க்கு 8 போதும், அதில் என்ன பெரிதாக வெட்டுப்படப் போகிறது” என்பார்கள். நடப்பது இதற்கு நேர்மாறு. கட்டையின் ஆழம் படத்தின் அளவைப் பார்த்துச் சுருங்குவதில்லை. பெரிய படத்துக்கும் ஒன்றரை அங்குலம், சிறிய படத்துக்கும் அதே ஒன்றரை அங்குலம். 12க்கு 8 முகப்புக்கு 16க்கு 12 படம் வேண்டும். அதே 6000க்கு 4000 படத்தில் இதைக் கணக்கிட்டால் முகப்பில் தங்குவது 4000க்கு 2667 பிக்சல். பரப்பில் பாதிகூட இல்லை, நூற்றுக்கு 44தான். 24க்கு 16 அளவில் தப்பித்த தலைகள்கூட 12க்கு 8இல் மடிப்புக்குப் போய்விடும். ஓர் அடிக்கு மேற்படாத படங்களுக்கு முக்கால் அங்குலக் கட்டையே பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான். சிறிய படத்தில் தடித்த கட்டை போட்டால் அது பார்க்கவும் பெட்டிபோல் இருக்கும்.

சரி, எடுத்து முடித்த படம். மறுபடியும் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அதே இடத்தில் நிறுத்த முடியாது. கையில் இருக்கும் படத்தைக் கொண்டு என்ன செய்யலாம்?

முதலில் வெட்டும் இடத்தை நகர்த்திப் பார்த்தோம். படத்தின் வலது ஓரத்தில் ஏறக்குறைய ஆயிரம் பிக்சலுக்கு ஆளே இல்லை, தடுப்புக் கம்பியும் செடியும்தான். ஆகவே வெட்ட வேண்டிய 400 பிக்சலையும் வலப்பக்கத்திலிருந்தே எடுக்கலாம். அப்போது இடது மடிப்புக்கோடு 600இலிருந்து 400க்கு நகர்கிறது. அப்பாவின் காது இப்போது மடிப்பிலிருந்து ஓர் அங்குலத்துக்குமேல் உள்ளே வந்துவிட்டது. ஆனால் 350இல் தொடங்கும் தோள் இன்னும் கால் அங்குலம் பக்கவாட்டில் திரும்பித்தான் இருக்கிறது. முகம் பிழைத்தது, தோள் பிழைக்கவில்லை. ஒரு பைசா செலவில்லாத திருத்தம் என்பதால் இதைத்தான் எப்போதும் முதலில் முயல வேண்டும். பல படங்களுக்கு இதுவே போதுமானதாகிவிடும்.

அடுத்து மெல்லிய கட்டை. முக்கால் அங்குலக் கட்டைக்குப் பின்மடிப்பையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம் போதும். வலப்பக்கத்திலிருந்து மட்டுமே வெட்டினால் இடது மடிப்புக்கோடு 270ஆவது பிக்சலுக்கு வருகிறது. தோள் முழுதாக முகப்புக்குள் வந்துவிட்டது, ஆனால் விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளிதான். குடும்பப் படத்தில் ஓரத்து ஆளுக்கு வெளியே ஓர் அங்குலமாவது மூச்சுவிட இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவரைக் கடைசி நிமிடத்தில் சேர்த்துக்கொண்டதுபோல் இருக்கும். மணிவிழாக் கண்ட மனிதரை அப்படி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கண்ணாடி விளிம்பு முறைக்குப் போனோம். இதில் மூலப்படம் முழுவதும் முகப்பிலேயே தங்கும். பக்கவாட்டுக்கு வேண்டிய பட்டையைப் படத்தின் ஓரத்தையே முகம்பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி உண்டாக்குகிறோம். ஏரிக்கரையில் மரமும் அதன் நிழலும் தண்ணீர்க்கோட்டில் சந்திப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடிப்புக்கோட்டை அந்தத் தண்ணீர்க்கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு இப்பால் படம், அப்பால் அதன் பிரதிபலிப்பு. வண்ணம் தொடர்ந்து போவதால், நடந்து போகிறவர் கண்ணுக்குப் படம் இயல்பாகச் சுற்றிப் போவதாகவே தோன்றும். துணி அரைக்கால் அங்குலம் நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. பெரும்பாலான அச்சகங்களில் கேட்டால் செய்து தருவார்கள்.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரதிபலிப்பில் ஓரத்தில் இருக்கும் எல்லாமே இரட்டிக்கும். விளிம்பில் ஒரு முழங்கை இருந்தால் பக்கவாட்டில் இன்னொரு முழங்கை முளைக்கும். விளிம்பில் ஒரு கடைப்பலகை இருந்தால் அதன் எழுத்து இடவலமாகத் திரும்பிவிடும். சாய்ந்த கோடுகள் விளிம்பில் மோதினால் அம்புமுனைபோல் திரும்பி நிற்கும். எது தப்பிக்கும் என்பதற்கு எளிய விதி உண்டு. கட்டையின் ஆழம் எவ்வளவோ, அந்த அளவுக்காவது விளிம்பை ஒட்டி வெற்றிடம் இருக்க வேண்டும். வானம், புல், சுவர், செடி எதுவானாலும் சரி. அப்படி இருந்தால் பக்கவாட்டில் பிரதிபலிப்பதும் அந்த வெற்றிடம் மட்டுமே.

நம் படத்தில் இதைப் பார்த்தோம். முழுப்படமும் 24க்கு 16 முகப்பில் வந்தால் ஓர் அங்குலத்துக்கு 250 பிக்சல். ஒன்றரை அங்குலக் கட்டைக்கு 375 பிக்சல் வெற்றிடம் வேண்டும். இடது ஓரத்தில் இருப்பது 350. குறைவது 25 பிக்சல், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. பக்கவாட்டின் கடைக்கோடியில், சுவரை ஒட்டி, அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒரு நூல்போலத் தெரியும். அதைச் செடியின் நிறத்தால் மறைப்பது கணினியில் சில நிமிட வேலைதான். மேல் விளிம்பு முழுவதும் வானம், அங்கே கவலையே இல்லை. வலது ஓரத்தில் தடுப்புக் கம்பி கிடையாகப் போகிறது. கிடைக்கோடு நேர் விளிம்பில் பிரதிபலித்தால் அதே கோடாகத் தொடரும்.

கீழ் விளிம்புதான் யோசிக்க வைத்தது. படம் முழங்காலுக்குக் கீழே முடிகிறது. பெண்களின் சேலை மடிப்புகள் கீழ் விளிம்பில் வந்து நிற்கின்றன. “படத்தை எங்கே மாட்டப் போகிறீர்கள் அக்கா?” என்று கேட்டேன். கூடத்து வாசல் நிலைக்கு மேலே என்றார். நம் வீடுகளில் பெரியவர்கள் படம் பெரும்பாலும் அங்கேதான் ஏறும். கண் உயரத்தில் மாட்டும் படத்தில் இடமும் வலமும்தான் தெரியும். நிலைக்கு மேலே மாட்டினால், கீழே நிற்கிறவருக்கு முதலில் தெரிவது கீழ்ப் பக்கவாட்டுதான். ஆகவே அதை அலட்சியம் செய்ய முடியாது. படத்தைப் பெரிதாக்கிக் கீழ் ஓரத்தை மட்டும் இடமிருந்து வலம் வரை பார்த்துக்கொண்டே போனோம். சேலை மடிப்புகள் நேர்செங்குத்தாகத் தொங்குகின்றன. செங்குத்துக் கோடு கீழ் விளிம்பில் பிரதிபலித்தால் அதுவும் உடையாமல் நீளும், சேலை இன்னும் கொஞ்சம் இறங்கியதுபோல்தான் இருக்கும். முன்னால் நிற்கும் சிறுவனின் விரல்கள் கீழ் விளிம்புக்கு இரண்டு அங்குலம் மேலே முடிந்துவிடுகின்றன. பக்கவாட்டுக்கு வருவது ஒன்றரை அங்குலம்தான். விரல்கள் இரட்டிக்காது. அந்த இடத்தில்தான் இருவரும் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.

பிரதிபலிப்புக்கு இடமே இல்லாத படங்களும் உண்டு. முகம் முழுப்படத்தையும் நிறைக்கும் நெருக்கப் படம், எல்லா ஓரத்திலும் ஆட்கள் வெட்டுப்பட்ட கூட்டப் படம் போன்றவை. அவற்றுக்குப் பக்கவாட்டில் ஒரே நிறம் பூசுவதுதான் வழி. கறுப்பு, வெள்ளை அல்லது படத்திலிருந்தே எடுத்த ஓர் அடர்நிறம். இதில் முகப்பு முழுதாகத் தப்பும். ஆனால் கட்டுகிறவர் கை மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். நிறம் தொடங்கும் கோடு மடிப்புக்கோட்டின் மேலேயே விழ வேண்டும். ஒரு பக்கம் சற்று நகர்ந்தாலும் முகப்பின் ஓரத்தில் கறுப்புக் கீற்று எட்டிப் பார்க்கும், எதிர்ப் பக்கத்தில் படம் திரும்பி நிற்கும். வாங்கும்போது நான்கு விளிம்பையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீற்று ஒரு முனையில் மெல்லிதாகவும் மறுமுனையில் தடித்தும் இருந்தால் துணி கோணலாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பின்னைக் கழற்றி மறுபடி கட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இனி எடுக்கப்போகும் படம். இங்கே வேலை மிக எளிது, ஏனென்றால் ஓரடி பின்னால் நகர்ந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கைப்பேசிக் கேமராவில் கட்டக்கோடுகளை இயக்கிக்கொள்ளுங்கள். திரை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரியும். ஓரத்துக் கட்டத்தின் பாதியை வெறுமையாக விடுங்கள். அதாவது விளிம்புக்கும் முதல் கோட்டுக்கும் நடுப்பகுதிக்கு அப்பால் யாருடைய தோளும் தலையும் போகக் கூடாது. நான்கு பக்கமும் இப்படி விட்டால், ஒவ்வொரு பக்கமும் படத்தில் ஆறில் ஒரு பங்கு ஓரமாகக் கிடைக்கும். 3க்கு 2 விகிதப் படத்தை 24க்கு 16 அளவில் தடித்த கட்டையில் கட்டினால் மடிப்புக்கோடு பத்தில் ஒரு பங்கில்தான் விழுகிறது. ஆகவே மடிந்தது போக, ஆளுக்கும் விளிம்புக்கும் இடையில் தாராளமாக ஓர் அங்குலத்துக்குமேல் மிஞ்சும். ஆனால் தடித்த கட்டையில் 12க்கு 8 செய்தால் மடிப்புக்கோடு சரியாக அந்த ஆறில் ஒரு பங்கின் மேலேயே விழுந்துவிடும். சிறிய படம் என்று முன்பே தெரிந்தால் இன்னும் ஓரடி பின்னால் போங்கள்.

லேடீஸ் சீட்டிலோ பகோடா பாயின்டிலோ எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஓரத்தில் என்ன நிற்கிறது? பக்கவாட்டில் சுற்றிப் போகப் போவது அதுதான். வானமும் மலைச்சரிவும் சில்வர் ஓக் மரங்களும் அழகாகச் சுற்றிக்கொள்ளும். யாரோ ஒருவருடைய பாதி உடம்பும் நிறுத்தியிருக்கும் வண்டியின் பின்புறமும் சுற்றிக்கொண்டால் நன்றாக இராது. ஆளே இல்லாத இயற்கைக் காட்சிக்குக் கண்ணாடி விளிம்பெல்லாம் தேவையில்லை. படத்தையே சுற்றவிடுங்கள், ஓரத்தில் கொஞ்சம் வானம் மடிந்துபோனால் யாருக்கும் நட்டமில்லை. அடிவானக் கோடு மட்டும் நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், இடப் பக்கவாட்டிலும் வலப் பக்கவாட்டிலும் அது வெவ்வேறு உயரத்தில் இறங்கிக் கோணலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படத்தைக் கொடுக்கும்போது மூலக்கோப்பையே கொடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். நீங்களே முன்கூட்டி ஓரம் வெட்டி அழகுபடுத்தியும் அனுப்பாதீர்கள். நாங்கள் மடிப்பதற்கு வேண்டிய ஓரம் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருந்திருக்கும். நல்ல எண்ணத்தோடு நெருக்கமாக வெட்டிக் கொண்டுவரும் படங்களால்தான் எங்களுக்கு அதிகத் திண்டாட்டம். கொடுத்த பிறகு மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்ன அளவு முகப்புக்கா, மொத்தத் துணிக்கா? கட்டையின் ஆழம் எவ்வளவு? மடிப்புக்கோடு போட்ட மாதிரிப் படத்தை அச்சுக்கு முன் காட்டுவீர்களா?

அந்தப் பெண்மணியின் படத்தைப் புதிதாக அச்சிட்டு, அதே ஒன்றரை அங்குலக் கட்டையில் கட்டினேன். பழைய துணியைச் சட்டத்திலிருந்து பிரித்தபோது அப்பாவின் தோள் இருந்த இடத்தில் மடிப்புத் தடம் வெள்ளையாக விரிசல் விட்டிருந்தது. புதியதில் அவர் இடது விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், தோளும் கையும் தெரிய நின்றார். பக்கவாட்டில் செடிகளின் பச்சை மட்டும் சுற்றிப் போனது. எடுத்துப் போக மகளோடு அப்பாவே வந்திருந்தார். படத்தைக் கையில் வாங்கி, முகப்பைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தைத்தான் திருப்பிப் பார்த்தார்.